இடி ஏன் ஒரே ‘படார்’ என்று முடியாமல் உருண்டுகொண்டே போகிறது?

கேள்வி: மின்னல் கண் சிமிட்டும் நேரத்தில் வந்து போய்விடுகிறது. ஆனால் இடி மட்டும் பத்து, பதினைந்து விநாடி கடகடவென்று உருள்கிறதே, ஏன்? வெடி வெடித்த மாதிரி ஒரே சத்தமாகக் கேட்டால் என்ன? எதிரொலிதான் காரணம் என்று பள்ளியில் சொன்னார்கள். அது சரியா?

பதில்:

எதிரொலிக்கு இதில் பங்கு உண்டு, ஆனால் சின்னப் பங்குதான். முக்கியக் காரணம் மின்னலின் நீளம். மின்னல் ஒரு புள்ளியில் நடக்கும் வெடிப்பு கிடையாது. பல கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கோணல்மாணலான கோடு முழுவதும் ஒரே நேரத்தில் வெடிக்கிறது. அந்தக் கோட்டின் ஒவ்வொரு பகுதியும் உங்கள் காதிலிருந்து வெவ்வேறு தூரத்தில் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் பகுதியின் சத்தம் முதலில் வந்து சேரும், தொலைவில் இருப்பதன் சத்தம் பின்னால் வரும். ஒரே கணத்தில் பிறந்த சத்தம் உங்களிடம் தவணை தவணையாக வந்து சேர்வதைத்தான் உருமல் என்கிறோம்.

‘மின்னலின் வெப்பத்தால் காற்று விரிகிறது, அதனால் இடி வருகிறது’ என்று சொல்லிப் பல இடங்களில் நிறுத்திவிடுகிறார்கள். சத்தம் ஏன் வருகிறது என்பதற்கு அது போதும், ஏன் உருள்கிறது என்பதற்குப் போதாது. ஆய்வகத்தில் ஒரு மீட்டர் நீளத்துக்கு மின்பொறி பாயவிட்டால் ‘டப்’ என்று ஒரே சத்தம்தான் வரும். அங்கேயும் காற்று சூடாகி விரியத்தான் செய்கிறது. வித்தியாசம் நீளத்தில் இருக்கிறது.

முதலில் சத்தம் பிறக்கும் விதத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மின்னோட்டம் பாயும் தடம் சில சென்டிமீட்டர் தடிமன்தான் இருக்கும். அதற்குள் இருக்கும் காற்று சில மைக்ரோவிநாடிகளில் சுமார் 30,000 டிகிரி செல்சியசுக்குச் சூடாகிவிடுகிறது. சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500 டிகிரிதான். அவ்வளவு வேகமாகச் சூடானால் விரிந்து இடம் பிடிக்கக் காற்றுக்கு நேரம் கிடைக்காது. அழுத்தம் சாதாரண வளிமண்டல அழுத்தத்தைப்போலப் பல பத்து மடங்காக ஏறி, அதிர்ச்சி அலையாக வெளியே பாய்கிறது. சில மீட்டர் தாண்டுவதற்குள் அதன் வேகம் அடங்கி, அது சாதாரண ஒலி அலையாக மாறிவிடும்.

இந்த வெடிப்பு தடம் முழுவதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடக்கிறது என்பது இங்கே முக்கியம். மேகத்திலிருந்து இறங்கிவந்த தடம் தரையைத் தொட்டதும், பெரிய மின்னோட்டம் அதன் வழியாக மேல்நோக்கிப் பாயும். நம் கண் காணும் பெரும் வெளிச்சம் அதுதான். ஒளியின் வேகத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் அது செல்கிறது. 5 கிலோமீட்டர் ஏற அதற்கு 50 மைக்ரோவிநாடி போதும். அதே 5 கிலோமீட்டரைக் கடக்க ஒலிக்குப் பதினைந்து விநாடி பிடிக்கும். ஒலியின் கணக்கில் பார்த்தால், அடி முதல் நுனி வரை எல்லாம் ஒரே கணத்தில் வெடித்தது என்றே வைத்துக்கொள்ளலாம்.

நேரான சாலையில் நூறு நூறு மீட்டருக்கு ஒருவராக ஐம்பது பேர் நிற்கிறார்கள், எல்லோரும் ஒரே நொடியில் ஒருமுறை கைதட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலையின் ஒரு முனையில் நிற்கும் உங்களுக்கு ஒரு கைதட்டலா கேட்கும்? பதினைந்து விநாடிக்கு வரிசையாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். தட்டியவர்கள் தாமதிக்கவில்லை, சத்தம் நடந்து வந்த தூரம்தான் வேறு.

சரி, ஒரு மின்னலை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து 1.5 கிலோமீட்டர் தள்ளித் தரையில் மின்னல் விழுகிறது. தடம் அங்கிருந்து நேர் செங்குத்தாக 5 கிலோமீட்டர் உயரம் போகிறது. பிறகு மேகத்துக்குள் கிடையாகத் திரும்பி, உங்கள் தலைக்கு மேலாக 3 கிலோமீட்டர் ஓடுகிறது. அதாவது உங்களுக்கு அந்தப் பக்கம் 1.5 கிலோமீட்டரில் தொடங்கி, இந்தப் பக்கம் 1.5 கிலோமீட்டரில் முடிகிறது. ஒலியின் வேகத்தை விநாடிக்கு 340 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேலே குளிர் அதிகம் என்பதால் அங்கே வேகம் சற்றுக் குறையும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அதை விட்டுவிடுகிறேன்.

உங்களுக்கு மிக அருகில் இருப்பது தடத்தின் அடி. 1.5 கிலோமீட்டரைக் கடக்க 4.4 விநாடி. மின்னல் பளிச்சிட்டு 4.4 விநாடி கழித்து முதல் சத்தம் கேட்கும். இப்போது தடத்தின் அடிப்பகுதி 500 மீட்டரை மட்டும் பாருங்கள். அதன் மேல்முனை உங்களிடமிருந்து சுமார் 1,580 மீட்டர். அடிமுனைக்கும் அதற்கும் உள்ள தூர வித்தியாசம் 80 மீட்டர்தான். ஆகவே அந்த 500 மீட்டரில் பிறந்த சத்தம் முழுவதும் கால் விநாடிக்குள் உங்கள் காதில் வந்து குவிந்துவிடும். அதுதான் முதலில் கேட்கும் ‘படார்’.

மேலே போகப் போக நிலைமை மாறுகிறது. 4,500 மீட்டருக்கும் 5,000 மீட்டருக்கும் இடையில் உள்ள துண்டும் அதே 500 மீட்டர் நீளம்தான். ஆனால் அதன் கீழ்முனை உங்களிடமிருந்து சுமார் 4,740 மீட்டர், மேல்முனை 5,220 மீட்டர். வித்தியாசம் 480 மீட்டர், அதாவது 1.4 விநாடி. கால் விநாடியில் வந்திருந்த அதே அளவு சத்தம் இங்கே 1.4 விநாடிக்கு நீட்டப்படுகிறது. அதோடு மூன்று மடங்குக்கும் மேல் தொலைவிலிருந்து வருவதால் வலுவும் குறைந்திருக்கும். எனவே இந்தப் பகுதி ‘படார்’ ஆக முடியாது, மெல்லிய உருமலாகத்தான் இருக்கும். செங்குத்துத் தடத்தின் நுனியிலிருந்து வரும் கடைசிச் சத்தம் 15.4-ஆவது விநாடியில் வந்து சேரும். ஆக, ஒரு நேர் செங்குத்துக் கோடு மட்டுமே 11 விநாடி நீளமுள்ள இடியைத் தந்துவிட்டது. இதுவரை எதிரொலியின் பேச்சே வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இனித்தான் சுவாரசியம். தலைக்கு மேலே ஓடும் அந்த 3 கிலோமீட்டர் கிடைத்தடத்தில் உங்களுக்கு மிக அருகில் இருக்கும் புள்ளி, உச்சந்தலைக்கு நேர் மேலே 5,000 மீட்டரில் இருக்கிறது. மிகத் தொலைவில் இருப்பவை இரண்டு முனைகள், 5,220 மீட்டரில். மொத்த வித்தியாசமே 220 மீட்டர். அதனால் 3 கிலோமீட்டர் நீளத்தில் பிறந்த சத்தம் முழுவதும் 14.7-ஆவது விநாடிக்கும் 15.4-ஆவது விநாடிக்கும் இடையில் அப்படியே வந்து விழுகிறது. இடி ஓய்ந்துவிட்டது என்று நினைக்கும்போது திடீரென்று இன்னொரு பெரிய ‘திடும்’ கேட்கிறதல்லவா? இன்னொரு மின்னல் வெட்டியதோ என்று பலரும் அப்போது வானத்தைப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அது அதே மின்னலில், உங்களிடமிருந்து ஏறக்குறைய சம தூரத்தில் அமைந்துவிட்ட ஒரு துண்டாகத்தான் இருக்கும்.

இதே மின்னலை உங்கள் நண்பர் ஒருவர் எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மின்னல் விழுந்த இடத்துக்கு அவரும் 1.5 கிலோமீட்டர் தள்ளித்தான் நிற்கிறார். அவருக்கும் 4.4 விநாடியில் ‘படார்’, அதன்பின் அதே 11 விநாடி உருமல். ஆனால் மேகத்துக்குள் திரும்பும் கிளை அவரை விட்டு விலகி ஓடுகிறது. அதன் தொடக்கம் அவரிடமிருந்து 5,220 மீட்டர், முடிவு சுமார் 6,730 மீட்டர். அந்த 3 கிலோமீட்டர் சத்தம் அவருக்கு 4.4 விநாடி நேரம் இழுபட்டு, 19.8-ஆவது விநாடி வரை முனகிக்கொண்டே தேய்ந்து போகும். கடைசி ‘திடும்’ அவருக்குக் கிடையாது. ஒரே மின்னல்தான், இரண்டு காதுகளுக்கு இரண்டு வெவ்வேறு இடிகள். ஊரே சேர்ந்து ஒரே இடியைக் கேட்டது என்று சொல்வது சரியாகாது.

இப்போது கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். ஒரே ‘படார்’ மட்டும் கேட்க வேண்டுமானால் மின்னல் எப்படி இருக்க வேண்டும்? அதன் எல்லாப் புள்ளிகளும் உங்களிடமிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். அதாவது உங்கள் தலையை மையமாக வைத்து வரைந்த வட்டத்தின் மீது மின்னல் வளைந்து போக வேண்டும். அப்படியே போனாலும், பக்கத்தில் நிற்பவருக்கு அது மையமாக இருக்காது.

மேலே போட்ட கணக்கில் தடத்தை நேர்கோடாக வைத்துக்கொண்டேன். உண்மையில் எந்த மின்னலும் அப்படி வருவதில்லை. மேகத்திலிருந்து இறங்கும்போது அது ஏறத்தாழ 50 மீட்டர் நீளமுள்ள தாவல்களாகத் தாவி, ஒவ்வொரு தாவலுக்கும் பிறகு ஒரு நொடியில் மிகச் சிறிய பகுதி நேரம் நின்று, அடுத்து புதிதாக ஒரு திசையில் தாவுகிறது. அதனால் முழுத் தடமும் நூற்றுக்கணக்கான சிறு துண்டுகள் கோணலாக ஒட்டியது போல ஆகிவிடுகிறது. இந்தக் கோணல்தான் இடிக்கு அந்தக் கரடுமுரடைக் கொடுக்கிறது. மூன்று கிலோமீட்டர் தள்ளி 100 மீட்டர் துண்டு ஒன்று உங்கள் பார்வைக்குக் குறுக்காக அமைந்திருந்தால், அதன் சத்தம் முழுவதும் ஒரு மில்லிவிநாடி அளவில் வந்து சேர்ந்துவிடும். அதே துண்டு உங்களை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் 0.3 விநாடி ஆகும். இருநூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம். குறுக்காக இருப்பது அதிரடியாகக் கேட்கும், நீட்டிக்கொண்டிருப்பது உருமலில் கரைந்துவிடும். இன்னொன்றும் உண்டு. நீண்ட மெல்லிய தடத்திலிருந்து ஒலி பெரும்பாலும் அதன் பக்கவாட்டில்தான் பரவும், நுனி காட்டும் திசையில் குறைவு. இரண்டு விளைவும் ஒரே பக்கம் சாய்வதால் வித்தியாசம் இன்னும் கூடுகிறது. உருமலுக்கு நடுநடுவே எழுந்து அடங்கும் ‘கடக், முடக்’ எல்லாம் உங்களுக்குக் குறுக்காக அமைந்துவிட்ட துண்டுகள்.

இதெல்லாம் வெறும் காகிதக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் ஃபியூ என்ற இயற்பியலாளர் 1960-களின் இறுதியிலிருந்து இதைத் தலைகீழாகச் செய்து காட்டினார். சில மைக்ரோஃபோன்களைத் தரையில் சற்றுத் தள்ளித் தள்ளி வைத்தால், இடியின் ஒவ்வொரு சிறு அதிர்வும் எந்த மைக்ரோஃபோனை எவ்வளவு முந்தி அடைந்தது என்பதிலிருந்து அது வந்த திசை தெரியும். மின்னல் வெட்டி எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதிலிருந்து தூரம் தெரியும். திசையும் தூரமும் தெரிந்துவிட்டால் அந்தச் சத்தம் பிறந்த புள்ளியை வரைபடத்தில் குறித்துவிடலாம். இப்படிப் புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொண்டே போனால், மேகத்துக்குள் மறைந்திருந்த கிளைகள் உட்பட மின்னலின் உருவமே வரைபடமாகக் கிடைத்துவிடும். உருமல் முழுவதும் எதிரொலியாக இருந்திருந்தால் இந்த முறை வேலையே செய்திருக்காது. புள்ளிகள் மலையிலும் கட்டடத்திலும் போய் விழுந்திருக்கும்.

அண்மைக் காலத்தில் இன்னும் நெருக்கமாகப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். புளோரிடாவில் உள்ள கேம்ப் பிளாண்டிங்கில் மெல்லிய கம்பி கட்டிய சிறு ராக்கெட்டை மேகத்துக்குள் ஏவி, வேண்டிய இடத்தில் மின்னலை விழ வைக்கும் வசதி இருந்தது. ஏவுதளத்திலிருந்து 95 மீட்டர் தள்ளி, ஒரு மீட்டர் இடைவெளியில் 15 மைக்ரோஃபோன்களை வரிசையாக வைத்து, தடத்தில் எந்த உயரத்திலிருந்து எவ்வளவு சத்தம் எழுகிறது என்பதைப் படமாக்கினார்கள். அதன் முடிவுகள் 2015-இல் வெளியாயின. மின்னோட்டம் கூடக்கூடச் சத்தமும் கூடியது.

இப்போது எதிரொலிக்கு வருவோம். சுற்றிலும் மலையோ கட்டடமோ இல்லாத நடுக்கடலிலும் வெட்டவெளிச் சமவெளியிலும்கூட இடி உருளத்தான் செய்கிறது. எதிரொலிதான் காரணம் என்றால் அங்கே இடி ஒரே வெடியாக முடிந்திருக்க வேண்டும். ‘மேகங்களில் பட்டு எதிரொலிக்கிறது’ என்று ஒரு விளக்கமும் உலவுகிறது. மேகம் சுவர் கிடையாது. அது காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டம். ஒலியைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு அதற்கும் வெளிக்காற்றுக்கும் வித்தியாசம் கிடையாது. மலைச்சரிவும் உயர்ந்த கட்டடங்களும் இருக்கும் இடத்தில் மட்டும் எதிரொலி உண்மையாகவே வாலை நீட்டுகிறது. பள்ளத்தாக்கில் இடி கூடுதல் நேரம் ஒலிப்பது அதனால்தான். எது எதிரொலி என்று ஓரளவுக்குக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. ஒவ்வொரு மின்னலுக்கும் இடியின் வடிவம் மாறுகிறது, ஆனால் ஒரு கூர்மையான அதிர்வு கேட்டால் அதே மலையின் பக்கமிருந்து அதே பதில் மட்டும் எப்போதும் வருகிறது என்றால், அந்தப் பதில் எதிரொலி.

ஒரே மின்னலில் மூன்று நான்கு முறை மின்னோட்டம் பாய்வது வழக்கம். மின்னல் துடிப்பதுபோலத் தெரிவது அதனால். அதுவும் உருமலுக்குக் காரணமா என்று சிலர் கேட்பார்கள். அந்தப் பாய்ச்சல்களுக்கு நடுவே உள்ள இடைவெளி சுமார் 50 மில்லிவிநாடி, எல்லாம் சேர்ந்தாலும் பெரும்பாலும் அரை விநாடிக்குள் முடிந்துவிடும். இடியை அது கொஞ்சம் தடிப்பாக்கும், பத்து விநாடிக்கு இழுக்காது.

இடி எவ்வளவு நேரம் ஒலித்தது என்று எண்ணினால் மின்னலின் நீளத்துக்கு ஒரு குறைந்தபட்ச அளவு கிடைக்கும். முதல் சத்தத்துக்கும் கடைசிச் சத்தத்துக்கும் இடையிலான விநாடிகளை 340-ஆல் பெருக்குங்கள். நம் நண்பருக்கு 15.4 விநாடி, ஆகவே சுமார் 5.2 கிலோமீட்டர். உண்மையில் அந்தத் தடம் 8 கிலோமீட்டர். இந்தக் கணக்கு குறைத்துத்தான் சொல்லும், கூட்டிச் சொல்லாது, ஏனென்றால் இரண்டு புள்ளிகளின் தூர வித்தியாசம் அவற்றுக்கு இடையிலுள்ள தடத்தின் நீளத்தைத் தாண்ட முடியாது. மலை சூழ்ந்த இடத்தில் மட்டும் இதை நம்ப வேண்டாம். அங்கே எதிரொலி கடைசியில் ஒட்டிக்கொண்டு கணக்கைக் கெடுத்துவிடும்.

கடைசியாக, தொலைவு. பக்கத்தில் விழும் இடி காதைப் பிளப்பதும், தூரத்து இடி ‘ம்ம்ம்’ என்று அடித்தொண்டையில் முனகுவதும் ஏன்? காற்று எல்லாச் சுருதியையும் ஒரே மாதிரி கடத்துவதில்லை. சாதாரண வெப்பத்திலும் ஈரப்பதத்திலும், 4,000 ஹெர்ட்ஸ் அளவுள்ள கீச்சொலி ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 30 டெசிபல் இழக்கிறது. 1,000 ஹெர்ட்ஸுக்கு 5 டெசிபல் அளவு இழப்பு. 100 ஹெர்ட்ஸ் அளவிலான கனத்த ஒலி ஒரு டெசிபல்கூட இழப்பதில்லை. ‘படார்’ என்ற கூர்மை இருப்பதே அந்த உயர்ந்த சுருதிகளில்தான். சில கிலோமீட்டர் நடப்பதற்குள் அது உதிர்ந்துவிட, அடித்தளம் மட்டும் மிஞ்சுகிறது. ஒரே இடியிலும் இதைக் கவனிக்கலாம். முதலில் வருவது அருகில் இருந்து, எனவே கூர்மையாக இருக்கும். பின்னால் வருவது தொலைவிலிருந்து, எனவே மழுங்கி இருக்கும்.

தூரத்து இடியில் அந்த முதல் ‘படார்’ அறவே காணாமல் போவதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. தரைக்கு அருகில் காற்று சூடாகவும் மேலே குளிராகவும் இருக்கும்போது ஒலி கீழே வேகமாகவும் மேலே மெதுவாகவும் போகும். அதனால் ஒலிப்பாதை மெல்ல மேல்நோக்கி வளைந்துவிடும். நீங்கள் 10 கிலோமீட்டர் தள்ளி நின்றால், மின்னல் தடத்தின் அடியிலிருந்து ஏறக்குறைய 600 மீட்டர் உயரம் வரை பிறந்த சத்தம் நேரடியாக உங்களை எட்டாமல் தலைக்கு மேலாகப் போய்விடும். 15 கிலோமீட்டரில் நின்றால் அந்த உயரம் சுமார் 1.4 கிலோமீட்டராகிவிடும். அருகிலிருந்து கேட்பவருக்கு வெடியைத் தந்த பகுதியே உங்களுக்குக் கிடைப்பதில்லை. மேகத்துக்குள் இருக்கும் கிளைகளின் உருமல்தான் வந்து சேர்கிறது. 4 கிலோமீட்டர் உயரத்தில் பிறந்த சத்தமும்கூட 25 கிலோமீட்டருக்கு அப்பால் தரையில் நிற்பவரைத் தொடுவது அரிது. அடிவானத்தில் மின்னல் வெட்டிக்கொண்டே இருந்தும் ஒரு சத்தமும் கேட்காத இரவுகளில், இடி இடிக்காமல் இல்லை. அது உங்கள் தலைக்கு மேலே வெகு உயரத்தில் கடந்து போய்க்கொண்டிருக்கிறது.